அதே புடவையை இரண்டாம் தடவை கட்டுகிறவர்

2022-இல் பிரிட்டனில் ஒரே மாத இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஆகஸ்டில் இணையச் சந்தையான ஈபே நிறுவனம், பயன்படுத்திய உடைகளை மறுபடி விற்கும் தன் பிரிவுக்கு, தொலைக்காட்சிப் போட்டியாளர் டாஷா கௌரியை முதல் அம்பாசடராக அறிவித்தது. செப்டம்பரில் பூஹூ என்ற மலிவு விலை ஃபேஷன் நிறுவனம், அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கோர்ட்னி கர்தாஷியனைத் தன் 'நீடித்த தன்மைக்கான தூதர்' என்று அறிவித்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத உடை என்பதுதான் இரண்டு பேரும் சொல்ல வந்த செய்தி. புகழில் கோர்ட்னிக்குப் பக்கத்தில் கூட டாஷாவால் வர முடியாது. ஆனாலும் டாஷா சொன்னதை மக்கள் நம்பினார்கள். கோர்ட்னியின் அறிவிப்பு வந்த அன்றே திட்டு ஆரம்பித்துவிட்டது.

ஒரு சின்ன கைத்தறி லேபிளுக்கு விளம்பரத்தில் பேச ஆள் தேடிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். அந்த இரண்டு அறிவிப்புகளையும் எத்தனை தடவை திரும்பப் படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 'யாரைப் பிடிக்கலாம்' என்று கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

பூஹூ பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2020 கோடையில், லெஸ்டர் நகரில் அந்த நிறுவனத்தின் உடைகளைக் கையாண்ட ஒரு பட்டறையில் மணிக்கு 3.50 பவுண்டுதான் கூலி என்று ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாள் வெளியிட்டது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 8.72 பவுண்டு. நிறுவனமே ஒரு மூத்த வழக்கறிஞரை வைத்து விசாரித்தது. புகார்கள் பெரும்பாலும் உண்மைதான் என்று அவர் அறிக்கை கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 2022 ஜூலை கடைசியில், பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் பூஹூவையும் வேறு இரண்டு நிறுவனங்களையும் விசாரிக்க ஆரம்பித்தது. 'பசுமை' என்று சொல்லி விற்ற சில உடைகளில் மறுசுழற்சி நூல் 20 சதவீதம் மட்டுமே இருக்கலாம் என்பது அந்த விசாரணையின் கவலைகளில் ஒன்று.

அதற்குப் பிறகு ஆறு, ஏழு வாரத்தில்தான் கோர்ட்னியின் அறிவிப்பு வருகிறது. கூடவே 46 உடைகள் கொண்ட ஒரு புதிய தொகுப்பும் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் வருகிறது. விமர்சனம் வரும் என்று தெரிந்து முதலில் தயங்கியதாக அவரே இன்ஸ்டாகிராமில் எழுதினார். அவர் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் செய்தியைச் சொல்ல அந்த நிறுவனத்திடமும் ஆதாரம் இல்லை, அந்த ஆளிடமும் ஆதாரம் இல்லை. குறைவாக வாங்குங்கள் என்று சொல்ல வேண்டிய வாயால் 46 புது உடைகளை விற்கச் சொன்னார்கள். அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க யாருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஈபே அதே காரியத்தை வேறு வரிசையில் செய்தது. முதலில் ஆளைத் தேடவில்லை. 'லவ் ஐலண்ட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி அதுவரை, சீக்கிரம் தைத்து மலிவாக விற்கும் ஃபாஸ்ட் ஃபேஷன் நிறுவனங்களின் கையில் இருந்தது. போட்டியில் இருந்து வெளியே வருகிறவர்கள் அந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுவது வழக்கம். 2022 தொடரில் அந்த இடத்தை ஈபே வாங்கியது. போட்டியாளர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பொது அலமாரி வைத்து, அதில் ஏற்கெனவே யாரோ உடுத்திய உடைகளை நிரப்பியது. டாஷா வாரக்கணக்கில் அந்த உடைகளைப் போட்டுக்கொண்டு திரையில் நடமாடினார். அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தொடர் முடிந்த பிறகுதான் அவர் அம்பாசடர் ஆனார். அதாவது, 'இவர் பழைய உடை போடுவாரா?' என்ற கேள்விக்குப் பதில், ஒப்பந்தம் வருவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும்.

இந்த வரிசைதான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். பணம் கொடுத்த பிறகு ஒருவர் சொல்வது விளம்பரம். அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு ஆதாரத்தின் எடை கிடையாது. பணம் வருவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் ஆதாரம். அதனால் ஆளைத் தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவர் உங்களுக்காகச் சொல்லப்போகும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அது உங்கள் பக்கம் உண்மையா என்று பாருங்கள். அப்புறம் அவர் பக்கம் உண்மையா என்று பாருங்கள். முதல் பாதியில் இடறினால் ஆளை மாற்றிப் பயனில்லை, பட்டறையைத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் லேபிளின் வாக்கியம் இது: 'நெகமம் பக்கத்துத் தறியில் நெய்த பருத்திப் புடவை, பத்து வருடம் கட்டலாம்.' ஒரு புடவை சுமார் 2,800 ரூபாய். இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்ததுமே தேடுதல் பாதி சுருங்கிவிட்டது. பத்து வருடம் கட்டலாம் என்று சொல்கிறவர் ஒரு புடவையையாவது இரண்டாம் தடவை கட்டியிருக்க வேண்டும் அல்லவா? அதனால் ஒருவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான். கடைசி ஒரு வருடப் பதிவுகளை மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போவேன். போன பொங்கலுக்குக் கட்டிய மாம்பழ மஞ்சள் புடவை வேறு ஏதாவது நாளில், வேறு ரவிக்கையோடு, திரும்ப வருகிறதா? பெரும்பாலான பக்கங்களில் வராது. ஒவ்வொரு புடவையும் ஒரு தடவை வந்து, கடைப் பெயரைச் சொல்லிவிட்டுக் காணாமல் போகும். அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. தினம் ஒரு புதுப் புடவை காட்டுவது அவர்கள் தொழில். சலுகை விலைக் கடைக்கு அவர்கள் சரியான ஆள். எங்கள் வாக்கியத்தை அவர்கள் வாயால் சொன்னால் பொய்யாகிவிடும், அவ்வளவுதான்.

இதோடு ஒரு எண்ணிக்கையும் எடுப்பேன். கடைசி 90 நாளில் எத்தனை பதிவு, அதில் எத்தனை பணம் வாங்கிப் போட்டது, எத்தனை வேறு வேறு துணிக்கடைகள். 40 பதிவில் 26 விளம்பரம், அதில் பதினோரு புடவைக் கடை என்று வந்தால், நாங்கள் பன்னிரண்டாவது கடை. அந்த வரிசையில் நிற்பதற்குக் கொடுக்கிற பணம், எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீண்.

அடுத்தது பார்வையாளர்கள். இங்கேதான் பலர் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, ஆனால் பேச்சுவார்த்தையில் வரும் தொகைகளுக்கு ரொம்ப தூரம் இல்லை.

முதலாமவருக்கு 4,20,000 ஃபாலோயர்கள். ஒரு ரீலுக்கு 75,000 ரூபாய் கேட்கிறார். இரண்டாமவருக்கு 38,000 பேர். கேட்பது 12,000 ரூபாய். ஃபாலோயர்களை விடுங்கள், கடைசிப் பத்து ரீல்களின் பார்வைகளை எழுதி, சின்னதில் இருந்து பெரியது வரை அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஒன்பது ரீல் தலா 14,000 பார்வை போய், ஒன்று மட்டும் வைரலாகி 3 லட்சம் போனால் சராசரி 42,600 என்று காட்டும். உங்கள் புடவைக்குக் கிடைக்கப்போவது அந்த 14,000 தான்.

முதலாமவரின் நடு எண் 60,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்வையாளர்களில் பெண்கள் 35 சதவீதம், அப்படியானால் 21,000 பேர். அதில் 25 முதல் 44 வயதுக்காரர்கள் பாதி, 10,500 பேர். இரண்டாமவரின் நடு எண் 14,000. பெண்கள் 88 சதவீதம், 12,300 சொச்சம். அதில் 25 முதல் 44 வயதுக்காரர்கள் 70 சதவீதம், சுமார் 8,600 பேர். புடவை வாங்கக்கூடிய ஒருவர் கண்ணில் ஒரு தடவை படுவதற்கு முதலாமவரிடம் ஏழு ரூபாய் ஆகிறது. இரண்டாமவரிடம் ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. பதினோரு மடங்கு ஃபாலோயர் இருந்தும், வாங்கக்கூடியவர்கள் எண்ணிக்கையில் இரண்டு பேரும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

இது தோராயக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். பெண்கள் சதவீதமும் வயது சதவீதமும் இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பக்கத்தில் வரும். ஒன்றால் ஒன்றைப் பெருக்குவது ஓர் அனுமானம்தான். ஒரே ஆள் இரண்டு தடவை பார்த்திருக்கவும் கூடும். இருந்தாலும் ஏழுக்கும் ஒன்றரைக்கும் உள்ள தூரத்தை இந்தப் பிழைகள் அழித்துவிடாது. அந்த இன்சைட்ஸ் பக்கம் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், திறந்து கீழே தள்ளிக் காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மாற்றுவது ரொம்பச் சுலபம். ஊர்ப் பட்டியலையும் பாருங்கள். தமிழில் பேசும் ஒருவருடைய பார்வையாளர்கள் பட்டியலில் சென்னையும் கோவையும் கீழே போய், சம்பந்தமே இல்லாத ஒரு வெளிநாட்டு நகரம் மேலே நின்றால், ஃபாலோயர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

எண்களை விட எனக்கு அதிகம் சொல்வது கமெண்ட் பகுதி. வாங்கப்பட்ட கமெண்ட் 'நைஸ்', 'சூப்பர்', மூன்று நெருப்புப் படம் என்று நிற்கும். சக இன்ஃப்ளூயன்சர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வதும் அதே மாதிரிதான் இருக்கும், ஒரே பத்துப் பெயர்கள் எல்லாப் பதிவிலும் வருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். புடவை வாங்குகிறவர் வேறு மாதிரி எழுதுவார். 'அக்கா, சாயம் போகுமா?' 'பிளவுஸ் பிட் கூட வருதா?' 'பார்டர் எத்தனை இன்ச்?' 'கஞ்சி போட்டே ஆகணுமா, ஆபீஸுக்குக் கட்ட முடியுமா?' இப்படி ஒரு பதிவின் கீழ் ஏழெட்டுக் கேள்வி இருந்தால் அது உயிருள்ள கூட்டம்.

அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் 'டிஎம் பண்ணுங்க' என்று கடையின் பக்கத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர் ஒரு விளம்பரப் பலகை. நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தவர் வேறு ஒரு கடையின் புடவைக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'முதல் தண்ணியில கொஞ்சம் போகும்மா, வெள்ளைத் துணியோட சேத்துப் போட்றாதீங்க.' பணம் கொடுத்த கடைக்கு அந்தப் பதில் பிடித்திருக்காது. எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. குறையைச் சொல்கிறவர் நிறையைச் சொன்னால் நம்புவார்கள்.

இதை நாங்கள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒருவரிடம் புடவையும் பணமும் கொடுத்து, பேச வேண்டிய குறிப்பையும் அனுப்பினோம். அவர் குறிப்பைச் சரியாகப் படிக்காமல், 'கையால நூத்து, கையால நெய்ஞ்சது' என்று உருகிப் பேசிவிட்டார். எங்கள் புடவை கையால் நெய்தது உண்மை. நூல் மில் நூல். கையால் நூற்றுக் கையால் நெய்தால் அது கதர், கைத்தறி வேறு. இரண்டாம் நாளே நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கீழே கேட்டுவிட்டார்: 'இது மில் நூல்தானே? ஏன் பொய் சொல்றீங்க?' வீடியோவை எடுக்கச் சொன்னோம், வாங்கியவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பி விளக்கினோம். தவறு எங்களுடையதும்தான். பதிவு வெளியே போகும் முன் ஒரு தடவை பார்க்கும் உரிமையை நாங்கள் எழுதி வாங்கவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம், திரும்ப நடந்தால் 50 லட்சம் வரை. தயாரிப்பாளருக்கு மட்டும் அல்ல, பரிந்துரைத்தவருக்கும். பரிந்துரைத்தவரை ஒரு வருடம் வரை வேறு எந்த விளம்பரத்திலும் பேசக் கூடாது என்றும் தடுக்கலாம். சொன்னது உண்மையா என்று தகுந்த அக்கறையோடு விசாரித்தேன் என்று காட்ட முடிந்தால் அவருக்குத் தப்பிக்க வழி உண்டு. இந்த விதியை நான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் சோதனையாகவே பயன்படுத்துகிறேன். முதல் தொலைபேசி உரையாடலில் அவர் என்ன கேட்கிறார்? 'எத்தனை ரீல், எப்போ பேமெண்ட்' என்பதோடு நின்றால் ஒரு மாதிரி. 'எந்த ஊர்த் தறி? கைத்தறி முத்திரை இருக்கா? விசைத்தறி கலக்கலையே? நான் ஒரு தடவை வந்து பார்க்கலாமா?' என்று கேட்டால் அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் கூடவே உங்கள் பெயரையும் காப்பாற்றுவார்.

விளம்பரம் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனில் இருந்தும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. பணம் வாங்காமல் புடவையை மட்டும் இலவசமாக வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும். பதிவு தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். 'விளம்பரம்னு போட்டா ரீச் குறையும், போட வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் நான் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். தன்னை நம்பிப் பார்க்கிறவர்களிடம் மறைக்கத் தயாராக இருப்பவர் நாளைக்கு எங்களிடமும் மறைப்பார்.

நீண்ட காலம் என்று வரும்போது ஒரு பெரிய நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உள்ள பிழை சின்ன லேபிள்களும் செய்வது. அடிடாஸ் நிறுவனம் அமெரிக்க ராப் பாடகர் கன்யே வெஸ்ட்டோடு சேர்ந்து யீஸி காலணிகளை 2015-இல் கொண்டுவந்தது. அவை பிரமாதமாக விற்றன. 2022 அக்டோபர் 25 அன்று, அவருடைய யூத வெறுப்புப் பேச்சுகளைத் தொடர்ந்து, நிறுவனம் உறவை முறித்தது. அந்த வருட லாபத்தில் மட்டும் 25 கோடி யூரோ வரை அடி விழும் என்று அப்போதே அறிவித்தது. கிடங்கில் தேங்கிய காலணிகளைச் சுமார் 120 கோடி யூரோவுக்கு விற்றிருக்கலாம். அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்து, அப்புறம் 2023-இல் இருந்து தவணை தவணையாக விற்று, ஒரு பகுதியை வெறுப்புக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளுக்கு நன்கொடையாகக் கொடுத்தது. ஒரு ஆளை நம்பியது மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. அந்த ஆளின் பெயரே பொருளின் பெயராக இருந்தது. ஆளைக் கழற்றினால் பொருளும் கூடவே கழன்று வந்தது.

புடவை உலகில் இதன் சின்ன உருவம் தினமும் நடக்கிறது. ஒரு இன்ஃப்ளூயன்சரின் பெயரையே ஒரு தொகுப்புக்கு வைத்து, லேபிளில் அச்சடித்து, இருநூறு புடவைக்குத் தறியில் பாவும் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அவர் வேறு கடைக்குப் போனால் அந்த இருநூறு புடவையும் மற்றவருடைய விளம்பரம். பெயர் தறியுடையதாக, ஊருடையதாக, நிறத்துடையதாக இருக்கட்டும். 'இன்னார் விரும்பிக் கட்டுவது' என்பது பதிவில் இருந்தால் போதும், துணியில் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் பிடித்துக்கொள்வது சில வரிகள்தான். எத்தனை மாதம் வேறு கைத்தறிப் புடவை விளம்பரம் எடுக்கக் கூடாது என்பது ஒன்று. அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர் வருமானத்தை விடுகிறார். அவருடைய வீடியோவை நாங்கள் கட்டண விளம்பரமாக எத்தனை நாள் ஓட்டலாம் என்பது இன்னொன்று. பெரிய சண்டைகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. அப்புறம் விலகும் வழி, அதுவும் இரண்டு பக்கமும். அவர் பெயர் கெட்டால் நாங்கள் விலகலாம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நெசவாளருக்கு நாங்கள் கூலி பாக்கி வைத்தால் அவர் விலகலாம் என்றும் எழுதினோம். பூஹூவின் கதையைப் படித்தவர் அதை எழுதாமல் இருக்க முடியாது. அந்த வரி எங்களையும் ஒழுங்காக வைத்திருக்கிறது.

ஆனாலும் ஒரு வருட ஒப்பந்தத்தை முதல் நாளே போடுவதில்லை. மூன்று பதிவு, மூன்று மாதம், அவ்வளவுதான். அளப்பதிலும் பொறுமை வேண்டும். ஆளுக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுப்பது வசதி, ஆனால் அது இரண்டே நாளில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் ஆர்டர் உறுதி செய்யும்போது 'எங்களை எங்கே பார்த்தீங்க?' என்று ஒரு கேள்வி சேர்த்தோம். புடவையை மக்கள் பார்த்தவுடன் வாங்குவதும் இல்லை. சேமித்து வைத்து, தீபாவளிக்கு, ஒரு வளைகாப்புக்கு என்று திரும்பி வருகிறார்கள். ஏழு நாள் விற்பனையை வைத்து முடிவு செய்தால் நல்ல ஆளை இழப்பீர்கள். திரும்பி வந்த புடவைகளைக் கழித்த பிறகுதான் கணக்கு முடியும். விற்பனை நிறைய, திருப்பி அனுப்பியதும் நிறைய என்றால் அவர் காட்டிய நிறமும் பெட்டியைத் திறந்தபோது இருந்த நிறமும் வேறு என்று அர்த்தம்.

எங்கள் மூன்று மாதமும் சுமாராகத்தான் போயின. முதல் ரீலில் இருந்து பதினோரு புடவை, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் ஒன்பது. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவர் தன் வீட்டு மொட்டை மாடியில் வடகம் பிழிகிற வீடியோ ஒன்று போட்டார். யாரும் பணம் கொடுக்காத வீடியோ. எந்தக் கடையின் பெயரும் அதில் இல்லை. எங்கள் கத்தரிப்பூ நிறப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றிருந்தார், நாலைந்து தடவை துவைத்து முந்தானை கொஞ்சம் மென்மையாகியிருந்தது தெரிந்தது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'அக்கா, இது அன்னிக்கு விளம்பரத்துல கட்டுன புடவைதானே?' 'ஆமாம்மா, அதேதான்' என்று எழுதியிருந்தார். அன்று சாயந்திரமே ஒரு வருட ஒப்பந்தத்தை அவருக்கு அனுப்பினோம்.